மூன்று, நான்கு, ஒன்பது

தப்பான பெயரைக் கண்டால் எனக்கு ஆகாது. மனிதர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு என்ன பெயர் வைத்தாலும் எனக்குக் கவலையில்லை. நான் சொல்வது கரிமச் சேர்மங்களின் பெயர். ஒரு மூலக்கூறின் படத்தைப் போட்டு அதன் கீழே தப்பாக ஒரு பெயரை எழுதி வைத்திருந்தால், கல்யாண வீட்டில் யாரோ செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்ட மாதிரி எனக்கு எரிச்சல் வரும். இது நல்ல குணமில்லை என்று இப்போது தெரிகிறது. இருபத்துமூன்று வயதில் இதை என்னுடைய பெரிய தகுதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது புதுச்சேரியில் ஒரு கல்லூரியின் வேதியியல் துறையில் டெமான்ஸ்ட்ரேட்டராக, அதாவது ஆய்வுக்கூட உதவி ஆசிரியையாக, சேர்ந்திருந்தேன். பிரெஞ்சுக்காரர்கள் போய் ஆறேழு வருஷம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடம் முழுக்கப் பிரெஞ்சில் படித்து, பட்டப்படிப்பை மதராஸில் இங்கிலீஷில் முடித்தவள் நான். அதனால் பாடத்தை இங்கிலீஷில் சொல்வேன், திட்டுவதைத் தமிழில் செய்வேன், சங்கிலியில் கார்பன் எண்ணும்போது மட்டும் வாய் தானாக "அன், தூ, த்ருவா" என்று போகும். புகுமுக வகுப்புப் பையன்கள் முதல் வாரம் சிரித்தார்கள். இரண்டாம் வாரம் அவர்களும் அப்படியே எண்ண ஆரம்பித்தார்கள். ஆய்வுக்கூடத்துப் பக்கமாகப் போனவர்கள் உள்ளே ஏதோ பூசை நடக்கிறது என்று நினைத்திருக்கக்கூடும்.

எங்கள் பேராசிரியருக்குக் கும்பகோணம் பக்கம். எல்லா வேலையும் தானே செய்வார், பெயர் சரிபார்க்கும் வேலையை மட்டும் என் தலையில் கட்டிவிட்டார். பயிற்சித் தாள், பரீட்சைத் தாள், அதற்கான விடைகள், எல்லாம் என் மேசைக்கு வரும். வந்ததை நான் சும்மா விடமாட்டேன்.

பார்க்க வேண்டியது மூன்று விஷயம்தான். முதலில், மிக நீளமான கார்பன் சங்கிலி எது என்று பார்க்க வேண்டும். படத்தில் நேராகப் போவதுதான் நீளமான சங்கிலி என்று எந்தச் சட்டமும் இல்லை. அது மூலையில் திரும்பி மேலேயும் போகும், கீழேயும் போகும். பையன்கள் நேராகத் தெரிகிற ஐந்து கார்பனை மட்டும் எண்ணிவிட்டு, மேலே நீட்டிக்கொண்டிருக்கிற இரண்டைக் கிளையாக்கி "2-எத்தில்பென்டேன்" என்று எழுதிவிடுவார்கள். அந்தக் கிளை வழியாகவே நடந்து போனால் ஆறு கார்பன் வரும். சரியான பெயர் 3-மெத்தில்ஹெக்சேன். எத்தில் என்று ஒரு கிளையே அங்கே கிடையாது. "இல்லாத ஆளுக்கு இலை போட்டு வச்சிருக்கியே" என்று நான் கத்துவேன்.

இரண்டாவது, எந்த முனையிலிருந்து எண்ணுவது என்பது. கிளைகளுக்கு மிகச் சிறிய எண்கள் கிடைக்கிற முனையிலிருந்து எண்ண வேண்டும். மூன்றாவது, கிளைகளின் பெயர்களை எந்த வரிசையில் சொல்வது. இங்கிலீஷ் அகரவரிசையில் எத்தில் முன்னால், மெத்தில் பின்னால். மெத்தில் இரண்டு இருந்து டைமெத்தில் ஆனாலும் அது 'எம்' வரிசையில்தான் நிற்க வேண்டும். டை என்பது எண்ணிக்கை, பெயரில் சேராது. இந்த மூன்றாவது விஷயத்தில் பேராசிரியருக்கும் எனக்கும் ஓயாத சண்டை. சின்னதை முதலில் சொல், பெரியதை அப்புறம் சொல், ஆகவே ஒரே கார்பனுள்ள மெத்தில்தான் முன்னால் என்பது அவர் படித்த பழக்கம். "சின்னப் புள்ளைங்கள முன்னாடி நிக்க வெச்சுத்தானே போட்டோ எடுக்கறோம்?" என்பார். "இது போட்டோ இல்ல சார்" என்பேன். கடைசியில் என் தொல்லை தாங்காமல் வகுப்பில் அகரவரிசையே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை.

வகுப்பில் மூலக்குளத்திலிருந்து ஒரு பையன் வந்துகொண்டிருந்தான். விவசாயக் குடும்பம். வில்லியனூர் சாலையில் சைக்கிளை மிதித்து வருவான். முதல் மணி அடிக்கும்போது தலையில் வைக்கோல் துரும்பு இருக்கும். அவன் அப்பா அவனை ஒரே ஒரு நிபந்தனையில் படிக்க விட்டிருந்தார் என்று வகுப்புக்கே தெரியும். ஒரு தடவைதான், தேறினால் மேலே படி, எங்கேயாவது ஒரு இடத்தில் நின்றுபோனால் மாடு காத்திருக்கிறது, வந்து வண்டியில் ஏறு. இதை அவனே சிரித்துக்கொண்டு சொல்வான்.

அவனுடைய தப்புகள் எல்லாருடைய தப்புகளையும் போல இருக்காது. ஒரு நாள் 2-குளோரோ-3-புரோமோபியூட்டேன் என்று எழுதியிருந்தான். அந்தச் சேர்மத்தில் எந்த முனையிலிருந்து எண்ணினாலும் இரண்டும் மூன்றும்தான் வரும். அப்படிச் சமமாக வந்தால் அகரவரிசையில் முதலில் வருகிற புரோமோவுக்குச் சின்ன எண் போக வேண்டும். 2-புரோமோ-3-குளோரோ என்பதுதான் சரி.

"அகரவரிசை தெரியாதா உனக்கு?"

"தெரியும் மிஸ். அதும்படிதான் போட்டேன்."

"எப்படி?"

"கானா முன்னாடி, பானா பின்னாடி. குளோரோ, புரோமோ."

பள்ளிப்படிப்பு முழுக்கத் தமிழிலேயே படித்தவன். அவன் அகரவரிசையில் அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அன்றைக்குச் சிரித்துவிட்டு அரை மனதோடு அந்த விடையை அடித்தேன். அவனை எனக்குப் பிடிக்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

பல்கலைக்கழகப் பரீட்சைக்கு முன்னால் கல்லூரியில் செலக்ஷன் பரீட்சை என்று ஒன்று உண்டு. அதில் தேறினால்தான் விண்ணப்பம் மதராஸுக்குப் போகும். தேறாதவன் அந்த வருஷம் வீட்டில் உட்கார வேண்டியதுதான். வேதியியல் தாளில் பெயரிடும் கேள்விகள் என்னுடையவை, விடைகளும் என்னுடையவை. ஒரு பெயருக்கு இரண்டு மார்க்.

திருத்துவதில் எங்கள் துறைக்கென்று ஒரு முறை இருந்தது. நான் பையன் எழுதிய பெயரை வாசிப்பேன். கடலூரிலிருந்து தினம் பஸ்ஸில் வருகிற இன்னொரு டெமான்ஸ்ட்ரேட்டர், கேள்வித்தாளைப் பார்க்காமல், அந்தப் பெயரை மட்டும் கேட்டு ஒரு சிலேட்டில் சேர்மத்தை வரைவார். அப்புறம் சிலேட்டையும் கேள்வித்தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். சேர்மமே வேறாக வந்தால் இரண்டு மார்க்கும் போச்சு. அதே சேர்மம் வந்து, ஆனால் பெயர் விதிப்படி இல்லையென்றால் ஒரு மார்க் மட்டும் போகும். பையன் கிறுக்கியதை நம் கண் தானாகத் திருத்திப் படித்துவிடாமல் இருக்க நல்ல வழி இது. ஆனால் அதற்கு ஒரு குருட்டுப் பக்கம் உண்டு. தப்பான முனையிலிருந்து எண்ணிய பெயரைக் கொடுத்தாலும் சிலேட்டில் அதே சேர்மம்தான் வரும். எண்ணிய முனை சரியா என்று சிலேட் சொல்லாது. அதை நான்தான் சொல்ல வேண்டும்.

அன்றைக்கு எல்லாத் தாளிலும் ஒரு கேள்விக்கு "3,4,9-ட்ரைமெத்தில்டெக்கேன்" என்று விடை வந்துகொண்டிருந்தது. பத்துக் கார்பன் சங்கிலி, மூன்று மெத்தில் கிளைகள். என் விடையும் அதுதான். எனக்கு உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை. மூலக்குளத்துப் பையன் தாள் வந்தது. "2,7,8-ட்ரைமெத்தில்டெக்கேன்" என்று வாசித்தேன். கடலூர்க்காரர் வரைந்தார். அதே சேர்மம். மறுமுனையிலிருந்து எண்ணியிருக்கிறான்.

"எண்ணு தப்புல்ல?" என்றார் அவர்.

"தப்புதான். ரெண்டும் ஏழும் எட்டும் பதினேழு. மூணும் நாலும் ஒம்போதும் பதினாறு. பதினாறுதான் சின்னது." ஒரு மார்க்கைக் குறைத்தேன்.

இந்தக் கூட்டல் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் பிரெஞ்சில் சொல்லிக் கொடுத்தது "கூடியவரை மிகச் சிறிய எண்கள்" என்ற ஒரே வரி. இரண்டு எண் கூட்டங்களில் எது சிறியது என்று எப்படி முடிவுகட்டுவது? யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கூட்டிப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்று நானே முடிவு செய்துகொண்டேன். அது எப்போதும் சரியாக வந்தது. இரண்டு கிளைகள் மட்டும் இருந்தால் கூட்டல் ஒருநாளும் பொய் சொல்லாது. கணக்குப் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பள்ளியிலும் கல்லூரியிலும் எனக்கு வந்த கேள்விகளில் இரண்டு கிளைக்கு மேல் அபூர்வம். அதனால் கூட்டல் எனக்கு விதியாகவே ஆகிவிட்டது. அதை வகுப்பிலும் சொல்லிக் கொடுத்தேன், எத்தனை சுலபம் பாருங்கள் என்று.

மார்க்கைப் பார்த்துவிட்டுப் பையன் என் மேசைக்கு வந்தான்.

"மிஸ், இந்த ஒண்ணு மட்டும். நான் ரெண்டாவது கார்பன்லியே கெளை வருதுன்னு அந்தப் பக்கத்துலேர்ந்து எண்ணனேன். இந்தப் பக்கம்னா மூணாவதுலதான் வருது."

"பதினாறு பெருசா, பதினேழு பெருசா?"

"பதினேழுதான் மிஸ்."

"அப்ப என்ன கேள்வி?"

தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டான். வகுப்பே அடிபணிந்த கணக்கு அது, அவன் மட்டும் என்ன செய்வான்? நானும் மறந்துபோனேன். நாலு நாள் கழித்து அறிவிப்புப் பலகையில் நிறுத்தப்பட்டவர்கள் பட்டியல் தொங்கியது. அதில் அவன் எண் இருந்தது. தேறுவதற்கு ஒரே ஒரு மார்க் குறைவு. எனக்குப் பாவமாக இருந்தது. விதி விதிதான் என்று சொல்லிக்கொண்டு கடற்கரையில் நடக்கப் போய்விட்டேன். மறுநாளிலிருந்து அவன் வரவில்லை.

அதற்குப் பத்து நாள் கழித்துத்தான் நூலகத்துக்கு ஒரு பார்சல் வந்தது. அதில் ஒரு மெல்லிய புத்தகம். உலகத்து வேதியியல்காரர்கள் எல்லாம் கூடிப் பெயரிடுவதற்கு வகுத்த புதிய விதிகள். நான் அதைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போனேன். காரணம் பேராசிரியர்தான். எத்தில் முன்னாலா மெத்தில் முன்னாலா என்று ஒரு வருஷமாக நடக்கிற சண்டைக்கு இதில் தீர்ப்பு இருக்கும், அதை அவர் மூக்குக்கு நேரே பிரித்துக் காட்ட வேண்டும் என்று கை பரபரத்தது.

தீர்ப்பு இருந்தது. அகரவரிசையிலும் சொல்லலாம், சின்னதிலிருந்து பெரியது என்ற வரிசையிலும் சொல்லலாம், இரண்டும் சரியாம். ஒரு வருஷம் தொண்டை கிழியக் கத்தியது இதற்குத்தானா என்று புத்தகத்தை மூடப் போனேன். மூடுவதற்கு முன்னால் அதற்கு மேலே இருந்த வரி கண்ணில் பட்டது.

எண் கூட்டங்களை ஒவ்வொரு எண்ணாக ஒப்பிட வேண்டும். முதன்முதலில் எங்கே வித்தியாசம் வருகிறதோ அந்த இடத்தில் எதில் சின்ன எண் இருக்கிறதோ அதுதான் சிறியது. கூட்டலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இரண்டு, ஏழு, எட்டு. மூன்று, நான்கு, ஒன்பது. முதல் இடத்திலேயே இரண்டுக்கும் மூன்றுக்கும் வித்தியாசம். இரண்டுதான் சின்னது. அத்தோடு முடிந்தது, ஏழையும் எட்டையும் பார்க்கவே வேண்டாம்.

இன்னும் ஒரு தடவை படித்தேன், இன்னும் ஒரு தடவை சிலேட்டில் வரைந்து எண்ணினேன். வகுப்பில் ஒருவன்தான் சரியாக எழுதியிருக்கிறான். அந்த ஒருவனை நான் நிறுத்தியிருக்கிறேன்.

பேராசிரியர் அறைக்குப் போனபோது மணி நாலு. விண்ணப்பங்கள் மதராஸுக்குப் போகக் கடைசி நாள் மறுநாள். புத்தகத்தைப் பிரித்து வைத்து, எத்தில் மெத்தில் விஷயத்தில் வாயைத் திறக்காமல், மேலே இருந்த வரியைக் காட்டினேன். அவர் தாளையும் விடையையும் வாங்கிப் பார்த்தார்.

"சரிம்மா. அவனுக்கு ஒரு மார்க் போட்டா தேறிடறான். ஆனா மத்தவா எல்லாருக்கும் ஒரு மார்க் போறதே? அதுல ரெண்டு பேர் அடியில விழுந்துடுவாளே?"

நான் அதை யோசிக்கவே இல்லை. விடை மாறினால் எல்லாருக்கும்தானே மாற வேண்டும். இரண்டு பேரை இறக்கி ஒருவனை ஏற்றுவதா?

"அவங்க நான் சொல்லிக் குடுத்ததைத்தான் எழுதனாங்க சார். அவங்க மார்க் அப்படியே இருக்கட்டும். அவன் நான் சொல்லிக் குடுத்ததையும் மீறிச் சரியா எழுதியிருக்கான். அவனுக்கு உண்டானதை அவனுக்குக் குடுக்கணும்."

"எழுத்துல குடுப்பியா? விடை தப்பு, சொல்லிக் குடுத்ததும் தப்புன்னு?"

என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. என்னைப் பற்றிய அறிக்கையை அந்த மாதக் கடைசியில் அவர்தான் மேலே அனுப்ப வேண்டும். இரண்டு பேருக்கும் அது தெரியும். ஒரு தாள் வாங்கி அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். எனக்கு ஒரே ஆத்திரம். யார் மேல் ஆத்திரம் என்றால் என் மேல்தான். அந்தத் தாளால் என் வேலை நிரந்தரமாவது ஆறு மாதம் தள்ளிப்போனது. அதைப் பற்றி அவரோ நானோ பிறகு பேசிக்கொண்டதில்லை.

மறுநாள் காலையில் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு, முதலியார்பேட்டையிலிருந்து என் தம்பியின் சைக்கிளை வாங்கி மூலக்குளத்துக்கு மிதித்தேன். புடவை கட்டிய பெண் சைக்கிளில் வருவதை வில்லியனூர் சாலை முழுக்க வேடிக்கை பார்த்தது. ஒரு வண்டிக்காரர் மாட்டை ஓரம் கட்டி நிறுத்தியே விட்டார்.

பையனின் அப்பா களத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் யார், எதற்கு வந்தேன் என்று சொன்னேன். அவர் தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பெயிலுன்னு சொன்னானே?"

"இல்லீங்க. பாஸு. மார்க்குல தப்பு நடந்துபோச்சு."

"யாரு பண்ண தப்புமா?"

"நான் பண்ணதுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோபப்படுவார் என்று நின்றேன். "தம்பி, டேய்" என்று வைக்கோல் போர்ப் பக்கம் குரல் கொடுத்தார். "ஒங்க மிஸ் வந்திருக்காங்க. கைய கழுவிகினு வா."

அவன் வந்து கயிற்றுக் கட்டிலில் விண்ணப்பத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டான். பேனா நிப்பு கயிற்றிடுக்கில் இறங்காமல் இருக்க அடியில் ஒரு பலகை வைத்துக் கொடுத்தேன். அவன் முகம் முழுக்கச் சிரிப்பு. அதைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. வந்த வேலை முடிந்தது, போய் விண்ணப்பத்தைச் சேர்க்க வேண்டும் என்று எழுந்தேன்.

"மிஸ், ஒரு நிமிஷம்" என்று உள்ளே ஓடி ஒரு நோட்டை எடுத்து வந்தான். "லிஸ்ட்டு போட்டப்புறம் ஒக்காந்து எல்லாத்தையும் திருத்திட்டேன். பாத்துட்டுப் போங்க."

வருஷம் பூராவும் வீட்டில் தானாகச் செய்த பயிற்சிகள், என் மேசைக்கு வராதவை. ஒவ்வொரு சேர்மத்தின் கீழேயும் பெயர், பக்கத்தில் பென்சிலில் இரண்டு முனைக்கும் கூட்டல். இரண்டு கிளை உள்ளவற்றில் எந்த மாற்றமும் இல்லை. மூன்று கிளை உள்ளவற்றில் நாலு இடத்தில், முன்பு சரியாக எழுதியிருந்ததை அழுத்தி அடித்துவிட்டு, மேலே தப்பை எழுதியிருந்தான். 2,6,6-ட்ரைமெத்தில்ஆக்டேன் என்று ஒன்று. அதை அடித்து 3,3,7 ஆக்கியிருந்தான். பதினாலு, பதின்மூணு என்று பக்கத்தில் கணக்கு. அடித்த அடியில் தாள் கிழிந்திருந்தது. கல்லூரிக்கு வர வேண்டாம் என்று ஆனபிறகு, பரீட்சையும் இல்லை என்று ஆனபிறகு, களத்து வேலைக்கு நடுவே உட்கார்ந்து இதைச் செய்திருக்கிறான்.

மறுபடி கட்டிலில் உட்கார்ந்தேன்.

"நீ மொதல்ல எழுதனதுதான்டா சரி."

"எதுங்க மிஸ்?"

"எல்லாமே. மொதல்ல வர்ற எண்ணத்தான் பாக்கணும். எந்தப் பக்கம் மொதல்ல சின்னதா வருதோ அதான். கூட்டக்கூடாது."

"நீங்கதானே மிஸ் கூட்டச் சொன்னீங்க?"

"நான் சொன்னது தப்பு."

அவன் நோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, கிழிந்த இடத்துக்குப் பக்கத்தில் 2,6,6 என்று மறுபடி எழுதினான். "அன், தூ" என்று முணுமுணுத்து எண்ணினான். சரி என்று நான் தலையசைத்தேன். அடுத்த படத்துக்குப் போனான். அதில் இரண்டு முனைகளிலிருந்தும் எண்ணி முடித்தவன், பேனாவை எழுத வைப்பதற்கு முன்னால், நான் பார்த்துவிடக்கூடாது என்பதுபோல நோட்டுக்கு அடியில் விரல்களை மடக்கினான். கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.